மெட்டாலிக் மேப்ல சாம்பல் வேணாம், அதெல்லாம் ரஃப்னஸ்க்கு

3D-ல உங்க முதல் ப்ராப்பா பெயின்ட் அடிச்ச பழைய இரும்பு டூல்பாக்ஸ் ஒண்ணு பண்றீங்கன்னு வச்சுக்கோங்க. இரும்புதானேன்னு மெட்டாலிக் மேப் முழுக்க வெள்ளையா விட்றாதீங்க, வெளிச்சம் படுறது மேல இருக்கற பெயின்ட்லதான், பெயின்ட் மெட்டல் கிடையாது. அதனால பெயின்ட்டுக்கு 0, அதாவது கறுப்பு, உரிஞ்சு இரும்பு தெரியுற ஓரத்துக்கு 1, அதாவது வெள்ளை, துருவுக்கு திரும்பவும் 0, ஏன்னா துரு ஆக்சைடு. 0.5 மாதிரி நடு சாம்பல், ரெண்டும் சேர்ற விளிம்புல மெல்லிசா வந்தா போதும்.

இன்னொண்ணு, மெட்டாலிக் 1 இருக்கற இடத்துல பேஸ் கலர்தான் ரிஃப்ளெக்‌ஷனோட கலர், அங்க டார்க்கா குடுத்தா இரும்பு கரி மாதிரி ஆகிடும், நல்ல வெளிர் சாம்பலா குடுங்க.

ரஃப்னஸ் மேப்லதான் சாம்பல் தாராளமா வரணும், அங்க நம்பர் குறையக் குறைய பளபளப்பு கூடும். பெயின்ட்டுக்கு சுமாரா 0.4, துருவுக்கு 0.85, கை பட்டு பட்டு வழவழப்பான கைப்பிடிக்கு 0.25ன்னு ஆரம்பிச்சு கண்ணால பாத்து மாத்துங்க. லைட்டை சுத்தி பாருங்க, பாக்ஸ் முழுக்க ஒரே மாதிரி மின்னுச்சுன்னா பிளாஸ்டிக்காதான் தெரியும்.

பிளெண்டர்ல இந்த ரெண்டு மேப்புக்கும் Color Space-ஐ கண்டிப்பா `Non-Color`னு மாத்தணும். `sRGB`லயே விட்டா 0.5 ரஃப்னஸ் 0.21 கிட்ட போயிடும், 0வும் 1ம் மாறாததால மெட்டாலிக் சரியா இருக்கற மாதிரியே தெரியும், ஆனா பெயின்ட் ஈரமா இருக்கற மாதிரி பளபளக்கும்.