தனிமை தேடி தளிப் பக்கம் போகிறீர்களா? முதலில் சி ஃபார்ம்

கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நல்ல இடம். ஒகேனக்கல்லை மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆடிப் பதினெட்டிலும் மறந்துவிடுங்கள். பரிசல்காரர், எண்ணெய் தேய்ப்பவர், மீன் வறுக்கும் அக்கா என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் "வேண்டாங்க" சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். நானும் அதற்காகத்தான் போனேன்.

ஆனால் ஒன்று. இடம் எவ்வளவு அமைதியோ, அவ்வளவு சிரமம் அங்கே வெளிநாட்டு பாஸ்போர்ட்காரருக்கு அறை கிடைப்பது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்காமல் தாண்டிப் போகலாம்.

ஆன்லைனில் பணம் கட்டி, உறுதிச் செய்தியும் வந்த பிறகுதான் அந்தச் சின்ன விடுதிக்குப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. ரிசப்ஷனில் இருந்த பையன் என் கனடா பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முதலாளிக்கு போன் போட்டான். "ஃபாரினரா? எஸ்.பி. ஆபீசில் பதிவு செய்துவிட்டு வரச் சொல்லு" என்றார் அவர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பவர் எத்தனை நாள் தங்கினாலும் அப்படிப் பதிவு செய்யத் தேவையில்லை என்று நான் வாதாடினேன். அது சரிதான். ஆனால் அவர் பயந்தது வேறொன்றுக்கு. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள யாரைத் தங்கவைத்தாலும், ஓசிஐ இருந்தாலும்கூட, 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் விடுதிதான் தகவல் பதிய வேண்டும். 1946-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய் 2025 செப்டம்பரில் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை விடுதிக்காரர் தலையில்தான் இருக்கிறது. ஊரில் இதை இன்னும் சி ஃபார்ம் என்றுதான் சொல்கிறார்கள்.

அதைப் போட விடுதிக்கென்று ஒரு லாகின் வேண்டும். விண்ணப்பித்து, மாவட்டத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அது கிடைக்கும். ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிற காரியமில்லை. அவரிடம் லாகின் இல்லை. "பெங்களூரு ஆளுங்கதான் சார் வருவாங்க, எங்களுக்கு எதுக்கு?" என்றான் பையன். மேலும் பேசத் தெம்பில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அதனால் முன்பதிவுக்கு முன் போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: "வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு சி ஃபார்ம் போடுவீங்களா, லாகின் இருக்கா?" இருப்பவர் உடனே "போடுவோம்" என்பார். "வாங்க சார், பாத்துக்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். போன் பேசுவது நமக்குப் பிடிக்காத வேலைதான், ஆனால் ராத்திரியில் கவுண்டர் முன்னால் நின்று பேசுவதற்கு இது மேல். பிறகு பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, புகைப்படம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இந்தியாவுக்கு வந்த தேதி, எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதிவிட்டால் போய்ச் சேர்ந்ததும் சாவி கையில் வரும்.

அறை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீடுதான். "நாங்க இருக்கும்போது லாட்ஜுல எதுக்குப்பா தங்கணும்?" என்று கேட்பார். பெரியப்பா சாவுக்கு வராதவன் அதற்கு என்ன பதில் சொல்ல? அன்றிரவு ஊரில் பாரதம். பதினெட்டு நாள் கூத்து, திரௌபதி அம்மன் கோயில் ஒலிபெருக்கி சரியாக மாடி அறையைப் பார்த்தபடி. சின்ன வயதில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கூத்துதான். இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்தபோது தூங்குவதுபோல் நடித்தேன். கோடையில் வருகிறீர்கள் என்றால் உறவினரிடம் முதலில் பாரதத் தேதியைக் கேளுங்கள், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இன்னொன்று: வெளிநாட்டுக் குடிமகன் தங்கினால் தகவல் பதியும் விதி சொந்தக்காரர் வீட்டுக்கும் உண்டு. பெரியம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

குளிர்காலம் தேவலை, ஆனால் தளி, ஜவளகிரி, சானமாவுப் பக்கம் ராகி அறுவடைக் காலம் அது. கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கி வரும். தனியாக விடியற்காலை நடை போகத்தான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆசை. யானை வயலை விட்டுக் காட்டுக்குத் திரும்புகிற நேரமும் அதுவே. வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள், அது குற்றம். டீக்கடையில் "தனியா எங்க போறீங்க?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். முந்தின ராத்திரி யானை எந்த வயலில் இறங்கியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.