டேபிள் கொடுப்பார்களா, கிராஃப் தாள் கொடுப்பார்களா? பத்தாம் வகுப்பு கணிதத் தேர்வறையில் நடக்கும் தவறுகள்

சேலத்தில் ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் பத்தாம் வகுப்பு படித்தால் மூவரும் ஒரே பாடத்திட்டம் என்று சொல்ல முடியாது. ஒருவர் மாநிலப் பாடத்திட்டம், ஒருவர் சிபிஎஸ்இ, இன்னொருவர் ஏற்காட்டில் விடுதியில் தங்கி ஐசிஎஸ்இ. தேர்வு நெருங்கினால் பெரியப்பா மகன், சித்தி மகள் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "டேபிள் புக் அவங்களே கொடுப்பாங்க", "கிராஃப் நாமதான் வாங்கிட்டுப் போகணும்" என்பதெல்லாம் அவரவர் எழுதிய தேர்வுக்குச் சரியாகவே இருக்கும். அடுத்த போர்டுக்குப் பொருந்தாது. தேர்வறையில் நடக்கும் பொருள் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே கணக்கை மூன்று போர்டிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மரத்தின் அடியிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் 38°. மரத்தின் உயரம் என்ன? மாநிலப் பாடத்திட்டத்தில் இப்படிக் கேட்டால் கேள்வியின் கடைசியிலேயே tan 38° = 0.7813 என்று அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடுவார்கள். பெருக்கினால் 31.25 மீட்டர். அங்கே அட்டவணை தேவையே இல்லை. சிபிஎஸ்இ-யில் 38° வருவதே அரிது. 30°, 45°, 60° என்றுதான் கேட்பார்கள், √3-இன் மதிப்பைப் போட்டு முடித்துவிடலாம். ஐசிஎஸ்இ-யில் 38° மட்டும் இருக்கும், மதிப்பு இருக்காது. கணித அட்டவணை வழங்கப்படும் என்று வினாத்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். தேவையான எண்ணை மாணவர் அதில் தேடி எடுக்க வேண்டும்.

மூன்று போர்டிலும் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்குக் கால்குலேட்டர் கிடையாது. சூத்திரத் தாளும் கிடையாது. வெளிநாட்டில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு இங்கே வந்து சேரும் பிள்ளைகள் வினாத்தாளில் சூத்திரப் பட்டியல் இருக்கும் என்று நம்பி வருவதுண்டு. கூம்பின் கன அளவானாலும் இடைநிலையானாலும் இங்கே மனப்பாடம்தான்.

பாடநூலின் பின்பக்க அட்டவணையைக் கிழித்து டப்பாவுக்குள் மடித்து வைப்பது இன்னொரு தவறு. அதில் இருப்பவை வெறும் எண்கள்தானே என்று தோன்றும். அனுமதியில்லாத அச்சுத்தாள் உள்ளே இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்பதைப் பறக்கும் படை பிறகுதான் பார்க்கும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் கிராஃப் தாளுக்கும் இதே கதிதான்.

கையில் கொடுக்கும் டேபிளில் தவறான பக்கம்

ஏற்காடு விடுதிப் பிள்ளைகளும் சேலத்தில் ஐசிஎஸ்இ படிப்பவர்களும் இதில்தான் மதிப்பெண் விடுகிறார்கள். பொதுவாகப் புழங்கும் கணித அட்டவணைப் புத்தகங்களில் டேன்ஜென்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நேச்சுரல் டேன்ஜென்ட், மற்றது லாகரிதமிக் டேன்ஜென்ட். பக்க அமைப்பு இரண்டிலும் ஒன்றே. இடது ஓரத்தில் பாகை, மேலே 0', 6', 12' என்று 54' வரை பத்துக் கட்டங்கள், வலது ஓரத்தில் 1' முதல் 5' வரை சராசரி வித்தியாசம். பதற்றத்தில் தலைப்பைப் படிக்காமல் 38-ஆம் வரிசைக்குப் போனால், நேச்சுரல் பக்கத்தில் 0.7813, லாக் பக்கத்தில் .8928 என்று முடியும் எண். இரண்டாவதை எடுத்துப் பெருக்கினால் மரம் 35.71 மீட்டராக வளர்ந்துவிடும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் சந்தேகமும் வராது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. tan 30° சுமார் 0.577, tan 45° சரியாக 1. 38° இவற்றின் நடுவாக்கில் இருப்பதால் மதிப்பும் 0.78-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 0.89 வந்தால் பக்கம் தவறு. லாக் பக்கத்தில் எண்ணுக்கு முன்னால் 1-இன் தலையில் கோடு போட்டிருக்கும், அல்லது 9 என்று தொடங்கும். அதுவும் ஓர் அடையாளம்.

கொசைனில் வரும் தவறு இதைவிட நுட்பமானது. சைனுக்கும் டேன்ஜென்டுக்கும் சராசரி வித்தியாசத்தைக் கூட்டுகிறோம். கோணம் கூடினால் கொசைன் குறையும் என்பதால் அங்கே கழிக்க வேண்டும். cos 62°40' வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40' என்று தனிக் கட்டம் இல்லை. அதற்குக் கீழே உள்ள 36' கட்டத்தில் 0.4602. மீதி 4' கட்டத்தில் 10. கழித்தால் 0.4592, இதுதான் சரி. பழக்க தோஷத்தில் கூட்டினால் 0.4612 ஆகிவிடும். சரிபார்க்க, அதே வரிசையில் அடுத்த 42' கட்டத்தைப் பாருங்கள். உங்கள் விடை 36'-க்கும் 42'-க்கும் இடையே விழ வேண்டும். 0.4612 அதற்கு வெளியே போய்விடுகிறது.

தேர்வில் கிடைக்கும் புத்தகம் நீங்கள் பழகிய பதிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஐசிஎஸ்இ-யில் எழுதத் தொடங்கும் முன் வினாத்தாள் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். டேபிள் கைக்கு வந்துவிட்டால் நேச்சுரல் சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று அப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பென்சிலால் அதில் குறிக்கக் கூடாது. முன்னால் யாராவது குறித்து வைத்திருந்தால் உடனே கண்காணிப்பாளரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் கைவேலையாகக் கருதப்படலாம்.

கிராஃப் தாள்: தைத்திருக்கிறதா என்று பார்க்காதது

மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத் தேர்வுக்குக் கிராஃப் தாளும் சமூக அறிவியலுக்கு வரைபடமும் அவர்களே தருகிறார்கள். இரண்டையும் கடையில் வாங்கிப் போக வேண்டாம். 100 மதிப்பெண்ணில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. காலை 10 மணிக்கு வினாத்தாள் வாசிப்பு, 10.10 முதல் விவரச் சரிபார்ப்பு, 10.15-க்கு எழுதத் தொடக்கம். அந்த ஐந்து நிமிடத்தில் பக்கங்களைப் புரட்டி, விடைத்தாளோடு கிராஃப் தாள் தைத்திருக்கிறதா, கட்டங்கள் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். பலர் 12.45-க்குத்தான் தேடுகிறார்கள். தனித்தாளாகக் கொடுத்தால் விடைத்தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதச் சேலத்து வெயிலுக்கு மின்விசிறி முழு வேகத்தில் ஓடும், ஒற்றைத் தாள் பக்கத்து வரிசைக்குப் பறந்தால் எழுந்து எடுக்கவும் முடியாது. எழுதி முடித்ததும் நூலால் சேர்த்துக் கட்டுங்கள். பெயரும் பதிவெண்ணும் முகப்புச் சீட்டில் அச்சாகியிருக்கும், கிராஃப் தாளில் மறுபடி எழுதக் கூடாது.

இனி வரைவதற்கு வருவோம். y = x² − x − 12 வரைந்து, அதைக் கொண்டு x² − 2x − 15 = 0 தீர்க்கச் சொல்கிறார்கள் என்று கொள்வோம். −4 முதல் 5 வரை x எடுத்தால் y மதிப்புகள் 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8. அச்சு வரையும் முன் இந்தப் பட்டியலைப் போட்டுவிட வேண்டும். பலர் தாள் கிடைத்ததும் நட்ட நடுவில் சிலுவை போல அச்சு வரைந்துவிட்டு, இரு பக்கமும் 1 செ.மீ = 1 அலகு என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே y அச்சில் மேலே 8, கீழே 12, மொத்தம் 20 அலகு. ஆதிப்புள்ளி நடுவில் இருந்தால் −12 தாளின் ஓரத்தை முட்டும், அல்லது வெளியே போகும். x அச்சில் 1 செ.மீ = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ = 2 அலகுகள் என்று எடுத்தால் வளைவரை 9 செ.மீ அகலத்திலும் சுமார் 10 செ.மீ உயரத்திலும் அடங்கிவிடும். அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுத மறக்க வேண்டாம்.

அடுத்த தவறு அடிப்பகுதியில். x = 0, x = 1 இரண்டுக்கும் y = −12 என்பதால், அந்த இரு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து நேர்கோட்டால் சேர்த்துவிடுகிறார்கள். பரவளையத்தில் தட்டையான அடி கிடையாது. நடுவில் x = 0.5-இல் y = −12.25. நம் அளவுத்திட்டத்தில் அது ஒரு சின்னக் கட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இறக்கம். கையால் வளைத்து அந்தப் புள்ளி வழியாகக் கொண்டுபோனால் போதும்.

முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் y = x + 3. இதற்கு −3-இல் 0, 0-இல் 3, 5-இல் 8 என மூன்று புள்ளிகள் குறித்துக் கோடு போட்டால், வளைவரையை (−3, 0), (5, 8) என்ற இடங்களில் வெட்டும். தீர்வு −3, 5. கழிக்கும்போது குறி தவறினால் வெட்டுப்புள்ளிகள் மாறிவிடும். விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஐசிஎஸ்இ எழுதுபவர்களுக்கு அளவுத்திட்டத்தில் சுதந்திரம் குறைவு. 2 செ.மீ = 10 மதிப்பெண் என்பதுபோல் கேள்வியிலேயே சொல்லியிருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்ட டியூஷனில் உடன் படித்த பழக்கத்தில் 1 செ.மீ எடுத்தால் படம் சரியாக இருந்தும் மதிப்பெண் போகும். ஓஜைவ் வரைவில் x அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்காவிட்டால் ஆதிப்புள்ளி அருகே முறிவுக் குறி போட வேண்டும். பிரிவின் மேல் எல்லைக்கு நேராகப் புள்ளி வைக்க வேண்டும், நடுமதிப்புக்கு நேராக அல்ல.

நாம் கொண்டுபோக வேண்டியவை

கவராயம், கோணமானி, மூலைமட்டங்கள், 15 செ.மீ அளவுகோல், பென்சில், ரப்பர், ஷார்ப்னர். இவை எந்த போர்டிலும் அறையில் கிடைக்காது, பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கவும் கூடாது. சின்னக்கடை வீதியில் தேர்வுக்கு முந்தைய நாள் வாங்கும் புது டப்பாவை அப்படியே எடுத்துப்போவது சரியல்ல. கவராயத்தின் மூட்டு தளர்வாக இருந்தால் 4 செ.மீ ஆரம் சுற்றி வருவதற்குள் 4.2 ஆகிவிடும், தொடுகோடு வட்டத்தைத் தொடாது. வீட்டில் ஒரு முழு வட்டம் போட்டுப் பாருங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர்ந்தால் மூட்டு சரி, சேராவிட்டால் திருகை இறுக்குங்கள்.

பென்சில் எச்பி போதும். 2பி கருமையாக விழும், ஆனால் வியர்த்த உள்ளங்கை பட்டால் கிராஃப் முழுக்கத் தேயும். சேலம் வெயிலில் இது உறுதியாக நடக்கும். கவராயத்துக்குத் தனியாக ஒரு குட்டைப் பென்சிலைச் சீவி மாட்டி வையுங்கள். எழுதும் பென்சிலையே மாற்றி மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஊசிமுனையும் பென்சில் முனையும் சமமாக நிற்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.