ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்: வழிவது எங்கே, தவறு எங்கே?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்று. இரண்டாம் கட்டின் ஓட்டுக் கூரையும் பின்னால் சமையல் கட்டின் கூரையும் ஒன்றை ஒன்று பார்த்துச் சரிகின்றன. இரண்டின் நீரும் நடுச்சுவரின் மேல் ஓடும் ஒரு தகரக் கால்வாயில் விழுகிறது. ஐப்பசி மழை வலுத்தால் போதும், அந்தச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஊறிப் பொருக்கு விடும். “போன வருடம்தான் புதுத் தகரம் போட்டோம், தம்பி. அதற்கு முந்திய வருடமும் போட்டோம்” என்றார் அந்த வீட்டு ஆச்சி.

ஏறிப் பார்த்தேன். தகரத்தில் ஓட்டையே இல்லை. நீர் ஒழுகவில்லை, வழிந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் தகரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு. ஒழுகல் சிறு தூறலிலும் தெரியும். வழிதல் கொட்டும் மழையில் மட்டும் வரும். மழை நின்றபின் கால்வாயின் உட்பக்கத்தில் அழுக்குக் கோட்டைப் பாருங்கள். வடிகுழாயின் வாயருகிலேயே அந்தக் கோடு விளிம்பைத் தொட்டிருந்தால், கால்வாய் சிறியதல்ல, வாய்தான் சிறியது. அங்கே அப்படித்தான் இருந்தது.

கணக்கு எளியது. கால்வாயின் நீளம் 12 மீட்டர். இரு சரிவுகளின் கிடை அகலம் சேர்ந்து 7.5 மீட்டர். ஆக, 90 சதுர மீட்டர் கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். வீட்டுக்குள் ஓடும் கால்வாய்க்கு நான் மணிக்கு 150 மி.மீ. வேகத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த வேகம் சில நிமிடங்களே நீடிக்கும், ஆனால் சுவரை நனைக்க அந்தச் சில நிமிடங்கள் போதும். அப்படியானால் நிமிடத்துக்கு 225 லிட்டர் வந்து சேரும்.

அதை வெளியேற்ற இருந்ததோ ஒரு முனையில் 75 மி.மீ. குழாய் ஒன்று. வாயின் மேல் 50 மி.மீ. உயரம் நீர் நின்றால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 லிட்டர் இழுக்கும். அதன்மேல் தட்டையான சல்லடை மூடி வேறு. மூடி போட்டால் பாதிதான் என்று கணக்கிட வேண்டும், 80 லிட்டர். வேப்பிலை ஒட்டிக்கொண்டால் அதுவும் இல்லை. கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்த இடுக்கு மாறாது.

இரு முனைகளிலும் 100 மி.மீ. குழாய் வைத்தோம். அதே 50 மி.மீ. நீருக்கு, மூடியோடு, ஒவ்வொன்றும் சுமார் 140 லிட்டர் இழுக்கும். மூடியும் தட்டையாக இல்லாமல் கூண்டு போல எழும்பி நிற்பது. இலை அடியில் படிந்தாலும் மேல்பாகம் திறந்திருக்கும். நடுவை 30 மி.மீ. உயர்த்தி இரு பக்கமும் வாட்டம் கொடுத்தோம், அதாவது 200-க்கு 1. அகலம் 300 மி.மீ.; நீருக்கு இவ்வளவு தேவையில்லை, ஆள் காலை ஊன்றித் துப்புரவு செய்யத் தேவை. தகரத்தின் இரு விளிம்புகளையும் ஓட்டுக்கு அடியில் நன்றாக மேலேற்றி நுனியை மடித்தோம். ஓடு கால்வாய்க்குள் 50 மி.மீ. நீட்டி நிற்க வேண்டும். ஓட்டு நுனிக்கும் தகரத்துக்கும் நடுவே சிமெண்ட் அடைப்பது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது, அதை மட்டும் செய்ய விடவே மாட்டேன். வெயிலில் தகரம் நீளும், சிமெண்ட் விரிசல் விடும், அந்த விரிசல் நீரை உள்ளே இழுக்கும்.

முற்றத்தின் உள்மூலைகளில் இரு சரிவுகள் சேரும் கூடல்வாயிலும் இதே சிமெண்ட் வேலையைப் பார்க்கிறேன். ஓடுகளை நெருக்கி வெட்டிப் பூசிவிடுகிறார்கள். நடுவே குறைந்தது 100 மி.மீ. தகரம் திறந்து தெரிய வேண்டும். அங்கே வாட்டமும் குறைவு: கூரை 30 பாகை சரிந்தால் கூடல்வாய் 22 பாகைதான் சரியும். ஆனால் இரு கூரைகளின் நீரும் அங்கே திரண்டு, அடியில் இறவாரக் கால்வாயைத் தாண்டிப் பாயும். அந்த மூலையில் கால்வாயின் வெளிவிளிம்பில் ஒரு தடுப்புத் தகடு நிறுத்தினால் போதும்.

ஆனால் பெரும்பாலானோர் விட்டுவிடுவது வழிவாய். குழாய் ஒருநாள் அடைபடத்தான் போகிறது. அன்று நீர் வீட்டுக்குள் வரக்கூடாது. கால்வாயின் இரு முனைச் சுவர்களிலும் அடித்தளத்திலிருந்து 75 மி.மீ. உயரத்தில் 300 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட திறப்பு வைத்தோம். ஒரு திறப்பு மட்டுமே நிமிடத்துக்கு 260 லிட்டருக்கு மேல் விடும். முனைகளில் கால்வாயின் ஆழம் 175 மி.மீ., அதனால் வழிவாய் முழுதாக ஓடும்போதும் உள்விளிம்புக்கு நீர் எட்டாது.

வேலை முடிந்ததும் குழாய்களைத் துணியால் அடைத்துக் கால்வாயை நிரப்பினோம். நீர் உள்ளே எங்கும் கசியாமல், இரு முனை வழிவாய்களிலும் வெளிச்சந்தில் கொட்டியது. அந்த ஓசை சமையல் கட்டுக்குக் கேட்டால் ஆள் ஏறிக் குழாயைத் துப்புரவு செய்ய வேண்டும் என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.