ஹெல்மெட்டுக்குள் துண்டைத் திணிக்காதீர்கள்

சித்திரை வெயிலில் தருமபுரிப் பக்கம் தளம் போடும் இடங்களில் பார்த்திருப்பீர்கள்: துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்து, அதன் மேல் ஹெல்மெட். வியர்வை கண்ணில் இறங்காது, சரிதான். ஆனால் ஹெல்மெட் ஓட்டுக்கும் உள்ளே தலையைத் தாங்கும் நாடாக்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி சும்மா விட்டதல்ல. காற்று ஓடுவது அங்கேதான். மேலிருந்து செங்கல் விழுந்தால் நாடா இழுபட்டு அடியை வாங்குவதும் அங்கேதான். துண்டு அதை அடைத்துவிடும்.

எங்கள் மேஸ்திரி துண்டுக்காகப் பின்பக்கத் திருகைத் தளர்த்தியே வைத்திருப்பார். கம்பி கட்டக் குனிந்தால் ஹெல்மெட் மூக்கில் வந்து நிற்கும். இப்போது மடிப்பில்லாத மெல்லிய பருத்திக் குல்லா ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே திருகை இறுக்குகிறார். குனிந்து தலையை ஆட்டினாலும் நழுவவில்லை, நெற்றியில் தடம் பதியவும் இல்லை. அதுதான் சரியான அளவு. இரண்டு குல்லா வைத்திருங்கள், சாப்பாட்டு நேரத்தில் நனைந்ததை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், காற்றுக்காக ஓட்டில் நீங்களே துளை போடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். துளையோடு விற்கும் ஹெல்மெட்டை வாங்கலாம். மின்கம்பி வேலைக்கு மட்டும் அது ஆகாது.