தையல் கடை லோகோவுக்கும் பில் புக்குக்கும் இரண்டு நிறம்: மஞ்சள் தாளிலிருந்து தொடங்குங்கள்

தேக்கா சென்டர் மாடியில் ரவிக்கை தைக்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். முதலில் அச்சடிக்கப் போவது பில் புக்கும் பெயர்ப் பலகையும்தான். நிறத்தைக் கைபேசித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அந்த நிறம் உண்மையில் உழைக்கப் போவது பில் புக்கின் இரண்டாம் தாளில். வெள்ளைத் தாள் வாடிக்கையாளரிடம் போய்விடும். மஞ்சளோ இளஞ்சிவப்போ ஆன நகல், துணியோடு ஊசி குத்தப்பட்டு வெட்டுபவர் மேசைக்குப் போகும். அதில் மார்பளவு 36 என்பது 38 என்று தெரிந்தால் ரவிக்கை கெட்டது, கடையின் பெயரும் கெட்டது. நம்பகமான கடை என்ற எண்ணம் வாடிக்கையாளருக்கு வருவதற்கும் இந்தத் தாள் தெளிவாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

படி 1: முதலில் அடர்நிறம்

இரண்டு நிறமும் சரிபாதி இடம் பிடிக்கக் கூடாது. ஒன்று எழுத்து, கோடு, கட்டம் எல்லாவற்றையும் சுமக்கும் அடர்நிறம். மற்றது ஓரிரு இடத்தில் மட்டும் வரும் துணைநிறம். அடர்நிறத்துக்கு நான்கு நல்ல தேர்வுகள் உண்டு: கருநீலம், அரக்கு, அடர்பச்சை, அடர்பழுப்பு. பகட்டில்லாத இந்த நிறங்களில் கடைப்பெயரைப் பார்த்தால் நாளைக்கும் இந்தக் கடை இங்கேதான் இருக்கும் என்று தோன்றும்.

பெரும்பாலானவர்கள் கருநீலத்துக்குத்தான் போவார்கள். பலகைக்கு அது அருமையான நிறம். பில் புக்கில் ஒரு சிக்கல் வரும். அளவை நாம் எழுதுவது நீலப் பேனாவில், நகல் தாளில் பதிவதும் பெரும்பாலும் நீலமாகவோ கறுப்பாகவோதான் இருக்கும். கட்டமும் நீலம், கையெழுத்தும் நீலம் என்றால் எது அச்சு, எது எழுத்து என்று கண் தேட வேண்டியிருக்கும். அதனால் தையல் கடைக்கு அடர்பச்சையையே நாங்கள் முதலில் சொல்வோம். நம் உதாரணத்தில் அதன் திரை நிற எண் #0F4C3A.

படி 2: துணைநிறம், கூடவே ஒரு கணக்கு

அடர்பச்சைக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள், #D4A017, நன்றாக அமையும். தங்கச் சரிகையின் சாயல் இருப்பதால் பட்டு ரவிக்கைக் கடைக்குப் பொருத்தமும்கூட. அடர்பச்சையோடு அரக்கைச் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே அளவு இருண்டவை, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே திட்டாகத் தெரியும். ஒன்று இருட்டாக இருந்தால் மற்றது தெளிவாக வெளிறியதாக இருக்க வேண்டும்.

அடுத்து WebAIM Contrast Checker என்ற இலவசப் பக்கத்தைத் திறந்து இரண்டு நிற எண்களையும் போடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அது ஓர் எண்ணாகக் காட்டும். சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 வேண்டும். திரைக்காக வைத்த அளவுகோல் அது, ஆனாலும் அச்சுக்கு நல்ல வழிகாட்டி. வெள்ளைமேல் அடர்பச்சை ஏறக்குறைய 9.9 காட்டும், எதையும் எழுதலாம். வெள்ளைமேல் கடுகு மஞ்சள் 2.4தான், அதில் ஓர் எழுத்துகூட வேண்டாம். பச்சைமேல் கடுகு மஞ்சள் 4.2. அப்படியென்றால் பலகையில் பெரிய கடைப்பெயர் வரலாம், தொலைபேசி எண் வரக் கூடாது. பச்சைப் பட்டையில் எண் வேண்டுமென்றால் வெள்ளையில் விடுங்கள். வெள்ளை என்பது தாளின் நிறம், மையில்லாமலே கிடைக்கும்.

படி 3: வண்ணத் தாளில் சோதியுங்கள்

மஞ்சள் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று என இரண்டு வண்ணத் தாள் வாங்கி, பில்லின் மாதிரியை வீட்டு அச்சுப்பொறியிலேயே எடுங்கள். கடுகு மஞ்சள் கோடு மஞ்சள் தாளில் காணாமல் போகும். சிவப்பைத் துணைநிறமாக வைத்தால் இளஞ்சிவப்புத் தாளில் மங்கும். ஆகவே நம் கடைக்கு நகல் தாள் இளஞ்சிவப்பாக இருக்கட்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் கைவசம் உள்ள தாளைப் போட்டுவிடுவார்கள்.

அச்சகத்தில் கார்பன் இல்லாத நகல் தாளில் ஒரு செட் மாதிரி கேட்டு வாங்கி, குண்டுமுனைப் பேனாவால் அழுத்தி அளவுகளை எழுதுங்கள். நகலைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை நகலும் ஒன்று எடுங்கள். இரண்டிலும் கட்டங்களும் எண்களும் தனித்தனியாகத் தெரிந்தால் போதும்.

படி 4: பில்லில் நிறங்களை வைக்கும் இடம்

கடைப்பெயர், முகவரி, கட்டங்கள் எல்லாம் அடர்பச்சை. சிங்கப்பூரில் பதிவுசெய்த வணிகம் பில்லில் தன் பதிவுப் பெயரையும் யூ.இ.என். எண்ணையும் காட்டியே ஆக வேண்டும். அந்த வரியும் அடர்பச்சையில், 7 பாயின்ட் அளவுக்குக் குறையாத எழுத்தில் வரட்டும். கடுகு மஞ்சள் ஒரே இடத்தில் போதும்: பெயருக்குக் கீழே 2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பட்டை, அல்லது லோகோவில் உள்ள நூற்கண்டு.

இரண்டு நிறமும் ஒன்றையொன்று தொடாமல் 1 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். இரண்டு மைகளும் தனித்தனியாக ஏறுவதால் தாள் சற்று நகர்ந்தாலும் நடுவில் வெள்ளைக் கீறல் விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பழுப்பு ஓரம் வரும். இடைவெளி இருந்தால் அந்த நகர்வு கண்ணுக்குப் படாது.

'மொத்தம்', 'முன்பணம்', 'பாக்கி' கட்டங்களுக்குப் பின்னணி வேண்டுமென்றால் மூன்றாவது நிறம் தேவையில்லை. அதே பச்சையை 10 விழுக்காட்டுக்கு வெளிறவிட்டால் போதும், மை ஒன்றுதான். ஆனால் கோடுகளை இப்படி வெளிறவிடாதீர்கள். வெளிறிய நிறம் அச்சில் சிறு புள்ளிகளாகத்தான் விழும். அகலமான கட்டத்தில் அது மெல்லிய பச்சையாகத் தெரியும், மெல்லிய கோட்டிலோ கோடு விட்டுவிட்டுப் பிய்ந்து நிற்கும். கோடு மெலிய வேண்டுமென்றால் முழு மையிலேயே 0.5 பாயின்ட் தடிப்பு வையுங்கள்.

பலரும் கவனிக்காதது பில் எண். அதைத் தனியாக எண் இயந்திரத்தால் அடிப்பார்கள், பெரும்பாலும் சிவப்பில். பச்சைக்கும் கடுகுக்கும் நடுவே கேட்காத சிவப்பு ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். கறுப்பில் அடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: அச்சகத்தில் கேட்க வேண்டியது

'இரண்டு தனி மை' என்று கேளுங்கள். நான்கு நிற மைகளைக் கலந்து அச்சடித்தால் சின்ன எழுத்தின் ஓரத்தில் நீலமோ மஞ்சளோ கசியலாம். அடுத்த தடவை அடிக்கும்போது பச்சையும் கொஞ்சம் மாறலாம். தனி மை என்றால், மை நிறங்களை எண்ணோடு காட்டும் பாண்டோன் அட்டையில் உங்கள் பச்சைக்கும் கடுகுக்கும் மிக நெருங்கியதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சில்லாத தாளுக்கான அட்டையில் பார்ப்பது அவசியம். அதே மை பளபளப்புத் தாளில் அடர்த்தியாகவும் பில் தாளில் சற்று மங்கியும் தெரியும்.

செலவு இடித்தால் பில் புக்கைப் பச்சை ஒன்றிலேயே அடித்துவிட்டு, கடுகைப் பலகைக்கும் பைக்கும் வைத்துக்கொள்ளலாம். லோகோ ஒரே நிறத்திலும் நிற்க வேண்டும் என்பதால் அந்த வடிவத்தையும் முன்கூட்டியே வரைந்து வாங்கிவிடுங்கள்.

திரையில் வரும் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லாமல், அச்சடித்த மாதிரித் தாளில் கையெழுத்திட்டு ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அதை வெயில் படாத இழுப்பறையில் வையுங்கள். வெளிச்சத்தில் மை வெளிறும். புத்தகம் தீர்ந்து மறுபடி அடிக்கும்போது அந்தத் தாளையும் பாண்டோன் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பலகை எழுதுபவரிடமும் அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.