இரண்டு ஸ்கிரீனிங் திட்டங்களும் ஒரு குவாலி கணக்கும்

கட்டுரைக்கு நான் எடுத்தது இங்கிலாந்தின் குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங். மலப் பரிசோதனையை இப்போதுபோல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்வதா, ஆண்டுதோறும் செய்வதா என்பது கேள்வி. அளவுகோல் குவாலி, அதாவது வாழ்க்கைத் தரத்தைச் சேர்த்து எண்ணும் வாழ்நாள் ஆண்டு. 0.7 தரத்தில் வாழ்ந்த ஓர் ஆண்டு 0.7 குவாலி.

சிக்கல் இதுதான்: கையிலிருந்த தரவுகள் இரண்டு திட்டத்தையும் 'ஸ்கிரீனிங்கே இல்லை' என்ற நிலையோடுதான் ஒப்பிட்டன. அப்படிப் பார்த்தால் இரண்டுமே மலிவு. விளக்கத்துக்கு நான் வைத்த கற்பனை எண்கள்: ஆயிரம் பேருக்கு, இரண்டாண்டுத் திட்டத்தில் கூடுதல் செலவு 2,00,000 பவுண்டு, கிடைப்பது 40 குவாலி, குவாலிக்கு 5,000. ஆண்டுத் திட்டத்தில் 3,80,000 பவுண்டு, 44 குவாலி, ஏறக்குறைய 8,640.

அப்புறம் வரிசையை மாற்றினேன். செலவு குறைந்ததை மேலே வைத்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் அதற்கு மேல் வரியைக் கழித்தேன்:

```
(380000 - 200000) / (44 - 40) = 45000
```

அந்தக் கடைசி 4 குவாலிக்குத் தலா 45,000 பவுண்டு! எந்தச் சிகிச்சை செலவுக்கு ஈடானது என்று இங்கிலாந்தில் மதிப்பிடும் நைஸ் அமைப்பு நெடுங்காலம் வைத்திருந்த 20,000–30,000 வரம்பைத் தாண்டிவிட்டது.

இன்னொன்று, தள்ளுபடி. ஸ்கிரீனிங்கில் பணம் இன்றே போகும், பலன் பிறகுதான் வரும். நைஸ் வழக்கப்படி ஆண்டுக்கு 3.5 சதவீதம் கழித்தால், பத்தாண்டு கழித்து வரும் ஒரு குவாலியின் இன்றைய மதிப்பு 0.71தான். செலவுக்கும் அதே விகிதம். தள்ளுபடி செய்யாத எண்ணும் செய்த எண்ணும் ஒரே அட்டவணையில் கலந்தால் விடை வீண். வரிக்கு வரி கழிப்பதற்கு முன் அதைத்தான் சரிபார்த்தேன்.