அதிகபட்ச நட்ட முறை: கலைக்கும் கூட்டாண்மையில் பணத்தைத் தவணையாகப் பிரிப்பது எப்படி?

கூட்டாண்மையைக் கலைக்கும்போது சொத்துகள் ஒரே நாளில் விற்றுவிடாது. இன்று கொஞ்சம், இரண்டு மாதம் கழித்துக் கொஞ்சம் என்றுதான் பணம் வரும். வந்ததை உடனே பிரிக்க வேண்டும், ஆனால் மொத்த நட்டம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தவணையையும் கடைசித் தவணையாகவே நினைத்துக்கொள்கிறோம். இனி ஒரு காசும் வராது, மிச்சமெல்லாம் நட்டம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம்.

அ, ஆ, இ மூவரும் இலாப நட்டத்தைச் சமமாகப் பகிர்பவர்கள். அவர்கள் போட்ட மூலதனம், அதாவது முதல், முறையே 60,000, 40,000, 20,000, மொத்தம் 1,20,000. வெளிக்கடன் 20,000. காப்பு நிதி ஏதாவது இருந்தால் அதை முதலிலேயே முதல் கணக்குகளில் சேர்த்துவிட வேண்டும், இங்கே இல்லை.

படி 1: முதலில் கடன். முதல் விற்பனையில் 50,000 வருகிறது. விற்பனைச் செலவு, வெளிக்கடன், கூட்டாளி கொடுத்த கடன் என்ற வரிசையில் தீர்த்த பிறகுதான் முதலுக்குப் பணம். இங்கே வெளிக்கடன் மட்டும்தான், அது போக 30,000 மிச்சம்.

படி 2: அதிகபட்ச நட்டம். 1,20,000 − 30,000 = 90,000. தலைக்கு 30,000 கழித்தால் அ-வுக்கு 30,000, ஆ-வுக்கு 10,000. இ-க்கு 10,000 குறைகிறது.

படி 3: குறையைப் பகிர்தல். இ-யால் அந்தக் குறையைக் கொண்டுவர முடியாது என்றே கொள்கிறோம். 1904-இல் இங்கிலாந்தில் வந்த கார்னர் எதிர் முர்ரே தீர்ப்பின்படி, மற்ற இருவரும் அதை முதல் விகிதத்தில் ஏற்க வேண்டும். 60,000:40,000 என்பது 3:2. அ 6,000, ஆ 4,000 ஏற்கிறார்கள். ஆக அ-வுக்கு 24,000, ஆ-வுக்கு 6,000, இ-க்கு ஒன்றுமில்லை. கூட்டினால் 30,000. கையில் இருந்த பணத்தோடு இது ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ தவறு இருக்கிறது.

இ-க்கு இது அநியாயமாகத் தோன்றும். சரி, தலைக்கு 10,000 என்று கொடுத்துவிட்டோம், அதற்கு மேல் பணமே வரவில்லை என்றால்? இ 20,000 திருப்பித் தர வேண்டியிருக்கும். அவரிடம் இல்லாவிட்டால் மற்ற இருவர் கதி என்ன?

படி 4: அடுத்த தவணை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய 1,20,000-ஐ எடுக்கக் கூடாது; கொடுத்தது போக மீதி 36,000, 34,000, 20,000, மொத்தம் 90,000. இப்போது 36,000 வருகிறது. நட்டம் 54,000, தலைக்கு 18,000. அ 18,000, ஆ 16,000, இ 2,000 பெறுகிறார்கள். யாருக்கும் குறை இல்லை, படி 3 தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால், விகிதம் கலைப்பு நாளின் முதலைப் பொறுத்த அதே 3:2-தான், குறைந்துபோன மீதியின் விகிதம் அல்ல.

இப்போது மூவரின் மீதியும் 18,000. இலாப விகிதத்துக்கே வந்துவிட்டது, அப்புறம் வருவதை அப்படியே சமமாகப் பிரிக்கலாம். கடைசியாக 24,000 வந்தால் தலைக்கு 8,000. பாக்கி நிற்கும் 10,000-தான் ஒவ்வொருவரின் உண்மையான நட்டம்.